அவன் மாறவில்லை

வெளிநாட்டுக்குப் போன நண்பனைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. "முன்ன மாதிரி இல்லடா அவன். கலாய்ச்சா தாங்க மாட்டேங்குறான்." இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு வாய்ஸ் நோட். இங்கிருந்து கிண்டலாக ஒன்று போயிருக்கும். அங்கிருந்து சிரிப்பு வராமல் இரண்டு சொல்லில் பதில் வந்திருக்கும். எழுதி அனுப்பியிருந்தால் தொனி புரியாமல் போயிருக்கலாம். குரலிலேயே, சிரித்துக்கொண்டேதானே அனுப்பினோம்? அதைக் கேட்டும் சிரிக்கவில்லை என்றால் மாறியது அவன்தானே? வாதம் இப்படிப் போகிறது. அந்தக் கரையிலும் இதே வாதம் நடக்கிறது, ஆள் மட்டும் வேறு. "முன்னாடி விளையாட்டா பேசுவானுங்க. இப்ப குத்திக் காட்டுறானுங்க. ஊர்ல இருக்கவனுங்களுக்கு வயித்தெரிச்சல்."

இரண்டு தீர்ப்பும் தவறு என்கிறேன். இரண்டும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. கேலியின் தொனி கேலி செய்பவனின் குரலில் இருக்கிறது, ஆகவே குரல் போய்ச் சேர்ந்தால் தொனியும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. அது பிழை. அந்தப் பிழையால் இருபது வருட நட்புகள் குளிர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தைவிடக் குரல் மேல் என்பது உண்மை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரே மாதிரியான வாக்கியங்களைச் சிலர் மின்னஞ்சலிலும் சிலர் குரலிலும் சொன்னார்கள். அது நிஜமாகச் சொன்னதா, நக்கலாகச் சொன்னதா என்று எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். மின்னஞ்சலைப் படித்தவர்கள் சரியாகச் சொன்னது பாதிக்குச் சற்று மேல்தான். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வந்திருக்கும். குரலில் கேட்டவர்கள் நான்கில் மூன்று பங்குக்கு அருகே வந்தார்கள். ஆகவே "குரல்ல சொன்னா நக்கல்னு புரியும்" என்று சொல்பவர்கள் காற்றில் பேசவில்லை.

ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி வேறு. இது நக்கலா, இல்லையா என்பதுதான் அதில் கேள்வி. இருபது வருடம் ஒரே டீக்கடையில் நின்றவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. வெளிநாட்டில் இருப்பவனுக்குத் தெரியும், ஊர்க்காரன் விளையாட்டாகத்தான் பேசுகிறான் என்று. தெரிந்தும் அவனிடமிருந்து சிரிப்பு ஏன் வரவில்லை என்பதுதான் நம் கேள்வி.

எனக்கு நெருக்கமான வட்டத்தில் நடந்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். மூன்று நண்பர்கள், மூவரும் காவிரிக் கரையின் ஒரே சிற்றூர். ஒருவர் ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறார். ஒருவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மூன்றாமவர் டொராண்டோவில். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு பல ஆண்டுகளாகத் தடைப்பட்டிருப்பது அங்கு வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அனுமதி பெற்ற வேறு செயலிகள் உண்டு. அவற்றை வீட்டாருடன் பேச வைத்துக்கொண்டு, நண்பர்களுடன் வாய்ஸ் நோட்டிலேயே காலம் தள்ளுபவர்கள் நிறைய. இவர்களும் அப்படித்தான்.

ஒரு ஜூலை மாதம், ஷார்ஜாவில் இரவு எட்டு மணி. மெக்கானிக் ஒரு வாய்ஸ் போடுகிறார். "டேய், இன்னிக்கு நானே மீன் குழம்பு வெச்சேன்டா. ரூம்ல இருக்க மலையாளத்தான் கூட ரெண்டாவது வாட்டி வாங்கிச் சாப்புட்டான்." குரலில் சந்தோஷம் துள்ளுகிறது. ஊரில் அப்போது ஒன்பதரை. கடைக்காரர் படுத்துவிட்டார். காலை ஏழு மணிக்குக் கடைக்குக் கிளம்பும்போது கேட்கிறார், உடனே பதில் போடுகிறார். அந்தப் பதில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"வெந்நி வெக்கத் தெரியாத பய, மீன் குழம்பு வெச்சீங்களா? சார் இப்ப பெரிய சமையல் மாஸ்டர் ஆயிட்டீங்க. இருங்க, உங்கம்மாகிட்ட போய்ச் சொல்றேன், இனிமே உங்க பிள்ளைக்கு உங்க கைச்சாப்பாடு தேவையில்லையாம்னு." பிறகு நீண்ட சிரிப்பு, தன் பேச்சுக்குத் தானே. அதன் பிறகு கோயில் திருவிழாப் பேச்சு, பந்தல்காரரிடம் நடந்த தகராறு, கடைசியில், "வரி காசு உன் பங்கு இன்னும் வரல, எப்ப போடுறன்னு சொல்லு."

ஷார்ஜாவில் அப்போது விடிகாலை ஐந்தரை. மெக்கானிக் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார். பக்கத்தில் ஆட்கள், ஹெட்செட் இல்லை, கேட்கவில்லை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை செய்யத் தடை. அந்த இடைவேளையில், சைட்டில் நிழல் கட்டிய இடத்தில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக் கேட்கிறார். கேட்டுவிட்டு அனுப்பிய பதில் ஏழு விநாடி. "சரிடா. காசு பத்தாந்தேதி போட்டுடுறேன்."

ஊரில் தீர்ப்பு எழுதப்பட்டது. "பாத்தியா? ஒரு வார்த்தை சிரிக்கல."

இப்போது இதே பேச்சை டீக்கடை பெஞ்சில் வைத்துப் பாருங்கள். "வெந்நி வெக்கத் தெரியாத பய" என்று முதல் வாக்கியம் முடிவதற்குள் மெக்கானிக் குறுக்கே விழுந்திருப்பார். "போடா, நீ உன் கல்யாணத்தன்னிக்கு வேட்டியே கட்டத் தெரியாம நின்னவன்." அங்கே இருவரும் சிரித்திருப்பார்கள், கேலி அந்த இடத்தோடு நின்றிருக்கும். அம்மாவைப் பற்றிய வாக்கியத்துக்குப் பேச்சு போயே இருக்காது. போயிருந்தாலும், மூன்று வருடமாக அம்மா கையால் சாப்பிடாத ஒருவனின் முகம் ஒரு கணம் வாடியதைக் கடைக்காரர் பார்த்திருப்பார். பார்த்த கையோடு தோளில் ஒரு தட்டு, "டீ சொல்லவா?" என்று ஒரு திருப்பம். முரட்டுத்தனமாகப் பேசும் நண்பர்கள் எத்தனை நுட்பமாக இதைச் செய்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கேலி செய்பவன் ஒவ்வொரு சொல்லையும் எதிரிலிருப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் வைக்கிறான். எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்வது அந்த முகம்தான்.

அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். 2009-இல் தான்யா ஸ்டிவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடப்படுகிறது என்று பார்த்தார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. மொழிக்கு மொழி சிறு வேறுபாடுகள் இருந்தாலும், சராசரி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. கேலிக்குச் சிரிப்போ பதிலடியோ வருவதும் இப்படிப்பட்ட இடுக்கில்தான். நண்பர்களின் கேலிக்குத் தொனி பிறப்பதும் அங்கேதான். சொன்னவன் பாதியைச் செய்கிறான், கேட்டவன் சிரித்தோ திட்டியோ மீதியைச் செய்கிறான், அதன் பிறகே அது விளையாட்டு. வாய்ஸ் நோட் அந்த ஐந்தில் ஒரு விநாடியை எடுத்துவிட்டு, அங்கே ஏழு மணி நேரத்தை வைக்கிறது. குரல் அப்படியே போய்ச் சேர்ந்தது. தொனியில் பாதி இன்னும் செய்யப்படாமல் கிடந்தது.

கடைக்காரரின் அந்த நீண்ட சிரிப்பையும் பாருங்கள். உரையாடலில் சிரிப்பு எப்படி எழுகிறது என்று கெய்ல் ஜெஃபர்சன் ஒலிப்பதிவுகளை வரிவரியாக எழுதி ஆராய்ந்தார். பேசுபவர் தன் பேச்சின் முடிவில் லேசாகச் சிரிப்பது எதிரிலிருப்பவருக்கு விடுக்கும் அழைப்பு. அவர் சேர்ந்து சிரித்தால் அது இருவர் சிரிப்பாகிறது. வாய்ஸ் நோட்டில் அழைப்பு உண்டு, ஏற்க ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தைத் தாங்க முடியாமல் அழைத்தவரே சிரிப்பை நீட்டிவிடுகிறார். இருவர் பங்கையும் ஒருவரே சிரித்தால், கேட்பவர் காதுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக விழுகிறது. கடைக்காரர் மனதில் அப்படி எதுவும் இல்லை என்பதற்கு நான் உத்தரவாதம். இருந்தும் அந்த நிழலில் உட்கார்ந்து கேட்டவருக்கு அப்படித்தான் விழுந்திருக்கும்.

இன்னொன்று, "சார்", "வெச்சீங்களா". வாடா போடா என்று பேசும் நண்பனைத் திடீரென்று மரியாதையாக விளிப்பது நம் ஊர்க் கேலியின் பழைய வழி. நேரில் அது ஒருநாளும் தப்பாகப் போவதில்லை. அடுத்த மூச்சிலேயே "டா" திரும்பி வந்துவிடும், தோளில் கிடக்கும் கையும் எடுக்கப்படாது. தூரத்தில் இருப்பவனுக்கு அந்த மரியாதை வேறுவிதமாகக் கேட்கிறது. ஊரில் எத்தனையோ பேர் அவனை இப்போது நிஜமாகவே "சார்" என்று கூப்பிடுகிறார்கள், கடன் கேட்கிறார்கள், வேலைக்கு வழி கேட்கிறார்கள். நண்பன் வாயிலிருந்தும் அதே விளி வந்து, அதே பதிவின் முடிவில் காசும் கேட்கப்பட்டால், விளையாட்டு மரியாதையை நிஜ மரியாதையிலிருந்து பிரிப்பது காதுக்குச் சிரமம். இதைக் கேட்பவர் ஒன்றரை வேகத்தில் ஓட விட்டிருந்தால் இன்னும் மோசம். வாட்ஸ்அப் 2021-இல் கொண்டுவந்த அந்த வசதி, கிண்டலுக்காக நீட்டிச் சொன்ன "சா…ர்" என்பதை அலுவலகத்து "சார்" ஆக்கிவிடுகிறது.

இனி அந்த ஏழு விநாடிப் பதிலுக்கு வருகிறேன். தீர்ப்பின் முழு பாரமும் அதன் மேல்தான் இருக்கிறது.

பால் ட்ரூ என்ற ஆய்வாளர் 1987-இல் கேலிக்கு வரும் பதில்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இயல்பான உரையாடல் பதிவுகளைக் கேட்டு அவர் கண்டது, கேலி செய்யப்பட்டவர்கள் மிகப் பெரும்பாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நேரடியான பதிலையே சொல்கிறார்கள் என்பது. அது கேலி என்று புரிந்தபோதும் அப்படித்தான். சிலர் சிரித்துக்கொண்டேகூட, "இல்ல, நிஜமாவே நான்தான் செஞ்சேன்" என்று விளக்கம் கொடுக்கிறார்கள். அவர் கண்ட இன்னொன்றும் நமக்கு வேண்டியது. கேலி வெறுமனே வானத்திலிருந்து வருவதில்லை. எதிரிலிருப்பவர் அப்போதுதான் கொஞ்சம் மிகையாகப் பேசியிருப்பார், தன்னைப் பாராட்டியிருப்பார், அல்லது ஒரே குறையை நீட்டியிருப்பார். கேலி அந்தப் பேச்சின் மேல் உடனே வந்து விழுகிறது.

இதை மீன் குழம்போடு வைத்துப் பாருங்கள். இறுக்கமான பதில் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களிடமும் வழக்கமாக வருவதே. டீக்கடையில் அதன் ஆயுள் ஒரு விநாடி. அடுத்த கேலி அதை மூடிவிடும், யாருக்கும் நினைவிருக்காது. வாய்ஸ் நோட்டில் அந்தப் பதிலே அரை நாளுக்குக் கடைசிச் சொல்லாக நிற்கிறது. ஊரில் இருப்பவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், நண்பர்களிடம் ஓட்டிக் காட்டுகிறார். எப்போதும் இருந்த ஒன்று இப்போதுதான் தெரியும்படி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டுவது அநியாயம்.

கேலிக்குக் காரணமான பெருமிதமும் அதற்குள் கரைந்து போயிருந்தது. அவர் குழம்பைப் பற்றித் துள்ளிப் பேசியது இரவு எட்டு மணிக்கு. கேலி அவர் காதில் விழும்போது அடுத்த நாள் பகல், கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம் கழித்து. இப்போது அவர் அந்த மனிதர் இல்லை. காலையிலிருந்து மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பவர். துள்ளிக்கொண்டிருந்தவனை இரவே ஓட்டியிருந்தால் ஈடு கொடுத்திருப்பான். இவரிடம் ஈடு கொடுக்க அந்தத் துள்ளல் மிச்சமில்லை.

மேலும், பதில் எதற்கு வந்தது என்று பாருங்கள். காசுக்கு. இரண்டு நிமிடப் பேச்சின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது, மனிதர்கள் வழக்கமாகக் கடைசியில் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார்கள். கேலி பதிவின் முதல் அரை நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. அதன் மேல் திருவிழாவும் பந்தல்காரரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேலிக்கு அவர் சிரிக்கவில்லை என்பதைவிட, சிரிப்பதற்கான இடம் அவருக்குத் தரப்படவில்லை என்பதே சரி. குறிப்பிட்ட பதிவைத் தொட்டுப் பதில் அனுப்பும் வசதி இருந்தாலும், அது முழுப் பதிவையும் காட்டுமே தவிர, இந்த விநாடிக்கு இந்தப் பதில் என்று காட்டாது.

"சரி, அப்படியென்றால் அவன் திருப்பிக் கலாய்த்திருக்கலாமே, முன்னே விடமாட்டானே" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில்தான் வெளிநாட்டில் இருப்பவனுக்கு இழைக்கப்படும் அநீதி பெரிது. இருவரும் ஊரிலேயே இருந்தபோது, "என்னடா கடையில ஈ ஓட்டுறியா?" என்பது வெறும் வேடிக்கை. இன்று அதே வார்த்தை ஷார்ஜாவிலிருந்து வந்தால், சம்பாதிக்கிறவன் சம்பாதிக்காதவனைச் சொன்னதாக ஊர் எடுத்துக்கொள்ளும். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் இன்னும் முடியவில்லை, ஒரே அறையில் ஆறு பேர் என்பதெல்லாம் ஊர்க் கணக்கில் வராது. அது தெரிந்தே அவன் வாயைக் கட்டுகிறான். ஊரில் இருப்பவனுக்கு அவனை "துபாய் சேட்டு" என்று ஓட்ட உரிமை இருக்கிறது. அவனுக்குத் திருப்பி அடிக்க ஒன்றும் இல்லை, இருந்த எல்லாமே இப்போது புண்படுத்தக்கூடியவையாகிவிட்டன. தலைக்கனம் என்று பெயர் வைக்கப்படுவது பெரும்பாலும் இந்த அடக்கம்தான். நண்பனைக் காயப்படுத்திவிடக் கூடாது என்று மௌனமாக இருக்கும் ஒருவனை, மாறிவிட்டான் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு மாற்றாகச் சில நல்ல மனிதர்கள் சொல்லும் யோசனையையும் நான் மறுக்கிறேன். "தூரத்துல இருக்கவங்ககிட்ட எதுக்குக் கேலி? நல்லா நாலு வார்த்தை பேசுனா போதாதா?" போதாது. இந்த அறிவுரையைக் கேட்ட நட்புகள் எப்படி ஆகின்றன என்று தெரியும். சாப்பிட்டியா, அங்க வெயிலா, உடம்பப் பாத்துக்க. ஒவ்வொரு பதிவும் அத்தை வீட்டுக்கு எழுதும் கடிதம்போல் ஆகிவிடும். அறையில் ஆறு பேரோடு இருந்தாலும் தன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்து ஓட்டுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் வாழ்பவனிடமிருந்து, அந்த ஒரே உறவையும் எடுத்துவிடும் யோசனை அது.

"சும்மா சொன்னேன்டா, தப்பா எடுத்துக்காத" என்று வால் ஒட்டி அனுப்புவதும் உதவாது. விளையாட்டு என்பது அவனுக்கு முன்பே தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ள இதில் ஏதோ இருக்கிறது என்பதுதான் அந்த வாலிலிருந்து அவனுக்குக் கிடைக்கும் புதுச் செய்தி.

உதவுவது எது என்பதை அந்த மூவரில் டொராண்டோக்காரர் செய்வதிலிருந்து பார்த்தேன். ஊருக்கும் அவருக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மூவரில் மிகத் தூரம் அவர்தான். இருந்தும் அவர் கேலி யாரையும் உறுத்துவதில்லை. அவர் பதிவுகள் பத்து விநாடியைத் தாண்டுவதில்லை. கேலி என்றால் அந்தப் பதிவில் கேலி மட்டும். அதன் மேல் செய்தி எதையும் ஏற்றமாட்டார். காசு, விசா, ஊர் விவகாரம் எல்லாம் தனியாக, பெரும்பாலும் எழுத்தில். அன்று மீன் குழம்புக்கு அவர் அனுப்பியது இவ்வளவுதான்: "மலையாளத்தான் ரெண்டாவது வாட்டி வாங்கினது பசியிலடா." ஷார்ஜாவில் அப்போது இரவு எட்டரை, கேட்டவர் இன்னும் தட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். உடனே வந்தது பதில், "நீ அங்க ரொட்டியத் தின்னுக்கிட்டு இதப் பேசாத." நான்கைந்து முறை அப்படிப் போய் வந்தது. வாட்ஸ்அப்பில் மேலே "பதிவு செய்கிறார்" என்று தெரியும்போது காத்திருந்து, வந்ததும் கேட்டு, உடனே திருப்பிப் போட்டால், வாய்ஸ் நோட் கிட்டத்தட்ட நேர்ப்பேச்சின் வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஊர்க்காரருக்கும் ஷார்ஜாக்காரருக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இருவரும் விழித்திருக்கும் இரவு அவர்களுக்குத் தினமும் கிடைக்கிறது. காலை ஏழு மணிக்குக் கேட்ட கடைக்காரர் கேலியை அன்றிரவு வரை கையில் வைத்திருந்தால் போதும்.

டொராண்டோக்காரர் அம்மாவைத் தொடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எதை ஓட்டலாம் என்பதற்கு அவர் எடுத்துக்கொள்வது, அவன் தானாகவே அந்தப் பதிவில் எடுத்துவைத்ததை மட்டும். குழம்பை அவன் எடுத்துவைத்தான், மலையாளத்தானையும் எடுத்துவைத்தான். அம்மாவைக் கடைக்காரர்தான் உள்ளே கொண்டுவந்தார். நேரில் அதுவும் செல்லும், ஏனென்றால் முகம் வழிகாட்டும்.

இப்படியும் தீராதவை உண்டு. கடன், தள்ளிப்போகும் கல்யாணம், போய்ச் சேர முடியாமல்போன ஒரு சாவு, இவற்றின் மேல் நேரில் கேலி செய்து துக்கத்தைக் குறைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கேலியைப் பத்து விநாடிப் பதிவாலும் சுமக்க முடியாது. அவன் லீவில் வரும்வரை அது காத்திருக்கட்டும். அதற்கு நடுவே "சரிடா, பத்தாந்தேதி போட்டுடுறேன்" என்று இரண்டு வாக்கியத்தில் பதில் வந்தால், அதை அவன் குணத்துக்குச் சான்றாக யாரிடமும் ஓட்டிக் காட்டாதீர்கள். அவன் அப்போது எங்கே உட்கார்ந்து அதைக் கேட்டான், உங்கள் பதிவு எந்தக் கேள்வியில் முடிந்தது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, அன்றிரவே இன்னொன்று போடுங்கள்.